சுட்டியும் பின்னக்கோடும் தொலைந்த கடன் சூத்திரம்: அதை எப்படி மீட்டெடுப்பது?

கிளிநொச்சி மாவட்டக் கிராமமொன்றில் உள்ள மாதர் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டிருந்த இரண்டு வரிகள் இவை:

```
M=Pr(1+r)n(1+r)n-1
r=R1200
```

இவற்றின் கீழே நான்கு விளக்கங்கள் இருந்தன. P என்பது கடன்தொகை. R என்பது ஆண்டு வட்டிவீதம். n என்பது கட்டவேண்டிய மாதங்களின் எண்ணிக்கை. M என்பது மாதாந்தத் தவணைப்பணம். கடன் தர முன்வந்த நிறுவனமொன்று தனது விளக்கக் கோவையைச் சங்கச் செயலாளருக்கு அனுப்பியிருந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் பார்க்கவேண்டும் என்பதற்காக அதிலிருந்த சூத்திரத்தை ஒருவர் பிரதிசெய்து குழுவில் ஒட்டிவிட்டார். ஒட்டும்போது சுட்டிகள் கீழே இறங்கிவிட்டன, பின்னக்கோடு காணாமற்போய்விட்டது. மிஞ்சியது மேலேயுள்ள எழுத்துவரிசை மட்டுமே.

கடன் 100,000 ரூபா. ஆண்டு வட்டி 24 சதவீதம், "குறைந்துசெல்லும் மீதிக்கு" என்று கோவையில் எழுதப்பட்டிருந்தது. 12 மாதங்களில் கட்டி முடிக்கவேண்டும். நிறுவனம் குறிப்பிட்ட தவணை மாதம் 10,333 ரூபா. இந்தத் தொகை சரியா என்று பார்க்க விரும்பியவர்களுக்கு அந்த இரண்டு வரிகள்தான் துணை. உயர்தரம் படிக்கும் பிள்ளையொன்று கணக்குப் போட்டு 2,178 ரூபா என்றது. இன்னொருவரின் மகன் 299,634 ரூபா என்றார். இரண்டுமே நம்பக்கூடியவையாக இல்லை. ஆகவே கணக்கை விட்டுவிட்டுத் தாளில் இருந்த 10,333 ஐயே ஏற்றுக்கொள்ள எல்லோரும் ஆயத்தமாகியிருந்தனர்.

நான் நீண்டகாலம் கணிதம் படிப்பித்தவன் என்பதால் அந்தச் செய்தி என்னிடமும் வந்தது. "சேர், இதில எந்த எழுத்து மேல நிக்கவேணும், எது கீழ நிக்கவேணும் எண்டு தெரியேல்ல. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ" என்று செயலாளர் கேட்டிருந்தார். அவரது கேள்வி மிகச் சரியானது. போருக்குப் பின்னர் மீள்குடியேறிய எமது ஊர்களில் கடன் தாளில் கையொப்பமிடும் பல பெண்கள் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். ஒரு எழுத்து மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்பது அவர்களுக்கு மாதம் எண்ணூறு, தொள்ளாயிரம் ரூபா சம்பந்தப்பட்ட விடயம். அந்தச் சூத்திரத்தை எப்படி மீட்டோம், மீட்டது சரியென்று எப்படி உறுதிசெய்தோம் என்பதை இங்கே படிப்படியாகத் தருகிறேன்.

ஒட்டும்போது என்ன நடக்கிறது?

சாதாரண தரத்தில் படித்த இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் பலருக்கு நினைவிருக்கும். அதை மைக்ரோசொப்ட் வேர்ட் கோவையிலுள்ள சமன்பாட்டுப் பெட்டியிலிருந்து பிரதிசெய்து வெறும் எழுத்தாக ஒட்டினால் பெரும்பாலும் இப்படி வந்துவிழும்:

```
x=-b±b2-4ac2a
```

வர்க்கமூலக் குறி இல்லை. b இன் வர்க்கத்தைக் காட்டிய 2 இப்போது b க்குப் பக்கத்தில் நிற்கிறது. கீழே பகுதியாக இருந்த 2a, மேலேயிருந்த 4ac உடன் ஒட்டிக்கொண்டுவிட்டது. சூத்திரத்தை மனப்பாடமாக அறிந்தவர் இதைச் சிரித்துக்கொண்டே வாசிப்பார். அறியாதவரால் வாசிக்க முடியாது.

இதற்குக் காரணம் எளிமையானது. வெறும் எழுத்து என்பது மணிகளைக் கோத்த ஒரு நூல் போன்றது. ஒன்றன்பின் ஒன்றாக எழுத்துகள் வரலாம், அவ்வளவுதான். மேல், கீழ் என்ற இடம் அதில் இல்லை. வேர்ட் கோவையில் சுட்டி என்பது சாதாரண எழுத்துத்தான். "இதைச் சிறிதாக்கி மேலே வை" என்ற கட்டளை அதனோடு தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். பின்னம் என்பது மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பெட்டிகள். நடுவிலுள்ள கோடு எழுத்தே அல்ல, அது வரையப்படும் கோடு. ஒட்டும்போது எழுத்துகள் மட்டும் போகின்றன, கட்டளையும் பெட்டியும் கோடும் போவதில்லை. பிடிஎப் கோவையிலும் இதே கதைதான். அங்கே ஒவ்வொரு எழுத்தும் பக்கத்தில் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்பது பதியப்பட்டிருக்கும். பிரதிசெய்யும்போது அந்த இடம் கைவிடப்பட்டு எழுத்துகள் மட்டும் வரிசையாகச் சேர்க்கப்படும்.

இதோடு நன்கு பழகிய இன்னொரு சிக்கலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த கடிதத்தை மின்னஞ்சலில் ஒட்டினால் "தமிழ்" என்ற சொல் இப்படித் தெரியும்:

```
jkpo;
```

பார்க்கக் குழப்பமாக இருந்தாலும் இங்கே எதுவும் தொலையவில்லை. j என்றால் த, k என்றால் ம என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான இணை உண்டு. ஆகவே மாற்றி ஒன்றில் போட்டால் யுனிக்கோட் தமிழ் முழுமையாகத் திரும்பக் கிடைக்கும். தட்டையாகிப்போன சூத்திரம் அப்படியல்ல. அதில் தகவலே தொலைந்துவிட்டது. ஒரே எழுத்துவரிசையிலிருந்து நான்கைந்து வெவ்வேறு சூத்திரங்களை எழுதலாம், எல்லாமே அந்த வரிசைக்குப் பொருந்தும். ஆகவே வரியை உற்றுப் பார்ப்பதால் மட்டும் விடை கிடைக்காது. ஒவ்வொரு வாசிப்பையும் எடுத்து, விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு சிறிய கணக்கில் போட்டுச் சோதிக்கவேண்டும்.

இலகுவான வரியிலிருந்து தொடங்குவோம்

இரண்டாவது வரி r=R1200. R என்பது 24. இதை "24 ஐ 1200 ஆல் பெருக்கு" என்று வாசித்தால் r இன் பெறுமதி 28,800 ஆகிவிடும். ஒரு மாத வட்டிவீதம் இருபத்தெட்டாயிரமாக இருக்க முடியாது. 1200 என்ற எண்ணே துப்பைத் தருகிறது. அது 12 ஐ 100 ஆல் பெருக்கி வந்தது. ஆண்டை மாதமாக்க 12 ஆல் வகுக்கவேண்டும், சதவீதத்தைத் தசமமாக்க 100 ஆல் வகுக்கவேண்டும். ஆகவே அங்கே தொலைந்தது ஒரு பின்னக்கோடு. 24 ஐ 1200 ஆல் வகுத்தால் 0.02 வரும். அதாவது மாதம் 2 சதவீதம்.

இதிலிருந்து ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொள்ளலாம். சூத்திரத்திலுள்ள ஒவ்வொரு எண்ணும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்கவேண்டும். காரணம் தெரிந்தால் அது மேலே நிற்கவேண்டியதா கீழே நிற்கவேண்டியதா என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

முதல் வரியின் நான்கு தவறான வாசிப்புகள்

இனி முதல் வரி. P என்பது 100,000, r என்பது 0.02, n என்பது 12. சுட்டியைக் கணினியில் ^ என்ற குறியால் காட்டுவது வழக்கம். கீழேயும் அப்படியே எழுதுகிறேன்.

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே வாசித்தால் எல்லாம் பெருக்கல், கடைசியில் ஒன்றைக் கழிக்கவேண்டும். அப்படிச் செய்தால் 299,634 வரும். அந்த மகன் சொன்ன விடை இதுதான். ஒரு இலட்சம் கடனுக்கு மாதம் மூன்று இலட்சம் கட்டுவது நடவாத காரியம்.

இரண்டாவது வாசிப்பில் பின்னக்கோட்டைச் சரியாக ஊகித்து, n ஐ மட்டும் பெருக்கலாக எடுக்கிறோம்:

```
P*r*(1+r)*n / ((1+r)*n - 1)
```

விடை 2,178. உயர்தர மாணவியின் கணக்கு இது. பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது. ஆனால் 2,178 ஐப் பன்னிரண்டு மாதம் கட்டினால் மொத்தம் 26,136 ரூபாதான். வாங்கிய ஒரு இலட்சத்தின் மூன்றிலொரு பங்குகூட இல்லை.

மூன்றாவது வாசிப்பில் சுட்டி, பின்னம் இரண்டையும் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் கடைசியிலுள்ள "n-1" முழுவதும் சுட்டி என்று எடுத்துக்கொள்கிறோம்:

```
P*r*(1+r)^n / (1+r)^(n-1)
```

மேலேயும் கீழேயும் வெட்டுப்பட்டு விடை 2,040 ஆகிறது. இந்த இடத்தில் கணிதம் நன்கு தெரிந்தவர்களும் தடுமாறுவார்கள். சுட்டி கீழே இறங்கியபின் -1 அந்தச் சுட்டியின் பகுதியா, அல்லது கீழ்வரியில் தனியாக நின்றதா என்பதை எழுத்துகளைப் பார்த்துச் சொல்ல வழியே இல்லை.

நான்காவது, சூத்திரம் சரியாகப் புரிந்தபின்னரும் தட்டச்சில் நடப்பது. அடைப்புக்குறி போடாமல் ஒரு சரிவுக்கோட்டை மட்டும் இடுவது:

```
P*r*(1+r)^n / (1+r)^n - 1
```

கணினி முதலில் வகுக்கும், பின்னர் ஒன்றைக் கழிக்கும். விடை 1,999.

இந்த நான்கையும் தள்ளிவிட வகுத்தலும் பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும். வட்டியே இல்லாத கடனென்றாலும் ஒரு இலட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்த 8,333 ரூபாவை மாதாமாதம் கட்டித்தான் ஆகவேண்டும். அதற்குக் கீழே எந்தத் தவணையும் வராது. மறுபக்கம், முதல் குறையாமல் முழு இலட்சத்துக்கும் ஆண்டு முழுவதும் 24 சதவீதம் வட்டி போட்டால் வட்டி 24,000. மொத்தம் 124,000 ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 10,333. மீதி குறையக் குறைய வட்டியும் குறையும் என்று சொல்லும் கடனில் தவணை இதைவிடக் குறைவாகத்தான் இருக்கவேண்டும். ஆகவே சரியான விடை 8,333 க்கும் 10,333 க்கும் இடையில் இருந்தாகவேண்டும்.

நிறுவனத்தின் தாளில் இருந்த தொகையும் அதே 10,333 என்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குப் பிறகு வருவோம்.

சரியான வாசிப்பு

மிஞ்சியது இதுதான்:

```
M = (P*r*(1+r)^n) / ((1+r)^n - 1)
```

சொற்களில் சொன்னால், தொகுதியில் கடன்தொகை, மாத வட்டிவீதம், ஒன்றுடன் வட்டிவீதத்தைக் கூட்டியதன் n ஆம் வலு ஆகிய மூன்றும் பெருக்கப்படுகின்றன. பகுதியில் அதே n ஆம் வலுவிலிருந்து ஒன்று கழிக்கப்படுகிறது. எமது கடனுக்கு 1.02 ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 1.26824 வரும். விடை 9,455.96, அதாவது 9,456 ரூபா. இது நாம் வகுத்த எல்லைகளுக்குள் இருக்கிறது.

ஆனால் எல்லைக்குள் இருப்பதால் மட்டும் சரியென்று ஆகிவிடாது. அதனால்தான் சிறிய கணக்கு தேவைப்படுகிறது.

முதலில் ஒரு மாதக் கடனை எடுப்போம். ஒரு இலட்சம் வாங்கி, மாதம் 2 சதவீதப்படி ஒரே தவணையில் திருப்பிக் கொடுத்தால் 102,000 ரூபா. இதற்குச் சூத்திரம் தேவையில்லை. இப்போது n க்கு 1 ஐப் போட்டால் எமது வாசிப்பு 102,000 ஐத் தருகிறது. மூன்றாவது, நான்காவது வாசிப்புகள் 2,040, 1,999 என்றே நிற்கின்றன. ஆனால் 2,178 ஐத் தந்த இரண்டாவது வாசிப்பும் இங்கே 102,000 என்றே சொல்கிறது. காரணம், ஒன்றால் பெருக்குவதும் ஒன்றாம் வலுவும் ஒன்றேதான். n க்கு 1 ஐப் போடும் சோதனையால் பெருக்கலையும் சுட்டியையும் பிரித்தறிய முடியாது. ஒரு சோதனையோடு நின்றுவிடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

ஆகவே இரண்டு மாதக் கடன். முதல் மாத முடிவில் கடன் 102,000 ஆகியிருக்கும். அதில் தவணை M ஐக் கட்டுகிறோம். மிஞ்சுவதற்கு இன்னொரு மாதம் 2 சதவீதம் ஏறுகிறது. இரண்டாம் மாத முடிவில் அந்தத் தொகை இன்னொரு M ஆல் சரியாகத் தீரவேண்டும். இதைத் தாளில் எழுதினால் 104,040 என்பது M இன் 2.02 மடங்கு என்று வரும். M என்பது 51,504.95. சூத்திரத்தில் n க்கு 2 ஐப் போட்டால் எமது வாசிப்பு சதத்துக்குச் சதம் அதையே தருகிறது. இரண்டாவது வாசிப்போ 3,923 என்கிறது. இத்துடன் எஞ்சியிருந்த சந்தேகமும் தீர்ந்தது.

கல்குலேற்றர் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி

தரம் 11 கணிதத்தில் கடன் பாடத்தில் "மாத அலகு" என்று ஒன்று வருவது பலருக்கு நினைவிருக்கும். சூத்திரம் சரியா என்று பார்க்க அது நல்ல துணை. ஒரு இலட்சத்தைப் பன்னிரண்டு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு 8,333.33. முதல் மாதம் பன்னிரண்டு பங்கும் உங்கள் கையில் இருக்கின்றன, இரண்டாம் மாதம் பதினொன்று, கடைசி மாதம் ஒன்று. பன்னிரண்டிலிருந்து ஒன்றுவரை எல்லாவற்றையும் கூட்டினால் 78 மாத அலகுகள். ஒரு அலகுக்கு வட்டி, 8,333.33 இல் 2 சதவீதம், அதாவது 166.67. எழுபத்தெட்டால் பெருக்கினால் மொத்த வட்டி 13,000. மொத்தக் கடன் 113,000 ஐப் பன்னிரண்டால் வகுத்தால் 9,417.

சூத்திரம் தந்த 9,456 க்கும் இதற்கும் 39 ரூபாதான் வித்தியாசம். இந்த வித்தியாசத்துக்கும் காரணம் உண்டு. மாத அலகு முறையில் ஒவ்வொரு மாதமும் முதலில் சம அளவு குறைவதாகக் கொள்கிறோம். சம தவணை முறையில் ஆரம்ப மாதங்களில் வட்டிக்குக் கூடப் போய் முதல் மெதுவாகக் குறைகிறது, ஆகவே வட்டி சற்றுக் கூடுகிறது. கடன்காலம் நீண்டால் இந்த இடைவெளியும் கூடும். ஆயினும் ஓராண்டுக் கடனுக்கு மாத அலகு முறை, பேனாவும் தாளும் மட்டும் வைத்துக்கொண்டு மதிப்பிடப் போதுமானது.

10,333 எங்கிருந்து வந்தது?

இப்போது தாளிலிருந்த தொகைக்கு வருவோம். சூத்திரப்படி 9,456. கேட்கப்பட்டது 10,333. மாதம் 877 ரூபா கூட. ஓராண்டில் 10,500 ரூபாவுக்கு மேல்.

சங்கத்தினர் நிறுவனத்திடம் ஒரேயொரு விடயத்தைக் கேட்டனர்: மாதாமாதம் வட்டிக்கு எவ்வளவு, முதலுக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று காட்டும் தவணை அட்டவணை. சில நாட்களில் அது வந்தது. குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி போட்டிருந்தால் முதல் மாத வட்டி 2,000 ஆகவும், 7,456 முதலுக்குப் போய் மீதி 92,544 ஆகவும் இருக்கவேண்டும். இரண்டாம் மாத வட்டி அந்த மீதியின் 2 சதவீதம், அதாவது 1,851. இப்படிக் குறைந்துகொண்டே போய்ப் பன்னிரண்டாம் மாதத்தில் மீதி பூச்சியமாகும். வந்த அட்டவணையில் வட்டி நிரலில் பன்னிரண்டு மாதமும் 2,000 என்றே இருந்தது. முதல் குறைந்துகொண்டே போக, வட்டி அசையாமல் நின்றது. கோவையில் எழுதியிருந்த முறை ஒன்று, தொகை கணித்த முறை இன்னொன்று. பிளாட் ரேட் என்று சொல்லப்படும், முழுத்தொகைக்கும் வட்டி போடும் முறை அது.

முழுத்தொகைக்கு 24 சதவீதம் என்பதைக் குறைந்துசெல்லும் மீதிக்கான வட்டியாக மாற்றிப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 41.7 சதவீதம் வருகிறது. இதைச் சூத்திரத்தைத் திருப்பிப் போட்டு நேரடியாகக் காண முடியாது. r க்கு வெவ்வேறு பெறுமதிகளைக் கொடுத்து, M என்பது 10,333 ஆகும்வரை பார்க்கவேண்டும். மாதம் 3.475 சதவீதத்தில் அது பொருந்துகிறது. இன்னொரு வழியாகவும் இதைப் பார்க்கலாம். உண்மையிலேயே மீதிக்கு மாதம் 2 சதவீதம்தான் வட்டி என்றால், மாதம் 10,333 கட்டுகிறவரின் கடன் பதினொராம் மாதத்தில் ஏறக்குறைய 8,927 ரூபாவோடு முடிந்துவிடும். பன்னிரண்டாவது தவணைக்கு வேலையே இல்லை.

கேட்டபோது, தமது கடனுக்கு வட்டி முழுத்தொகைக்கே என்று அலுவலர் சொல்லிவிட்டார். கடன் எடுக்க இருந்த நால்வரில் மூவர் கையொப்பமிடவில்லை. நான்காமவர் மழைக்கு முன்னர் வீட்டுக் கூரையைப் போட்டு முடிக்கவேண்டியிருந்தது. "எனக்குத் தெரியும் கூடத்தான் எண்டு. ஆனா எவ்வளவு கூட எண்டு இப்பதானே தெரியுது" என்று சொல்லி, அட்டவணையையும் வாங்கி வைத்துக்கொண்டே அவர் கடனை எடுத்தார்.

இந்தச் சூத்திரத்துக்கும் எல்லைகள் உண்டு. ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று முதலிலேயே கழித்துக்கொள்ளும் பணத்தை அது அறியாது. ஒரு இலட்சம் என்று எழுதிவிட்டு 96,000 ஐக் கையில் கொடுத்தால் உண்மையான வட்டி சூத்திரம் காட்டுவதைவிடக் கூடுதலாக இருக்கும். வாராந்தம் கட்டும் கடனுக்கு r என்பது வார வட்டியாகவும் n என்பது வாரங்களின் எண்ணிக்கையாகவும் இருக்கவேண்டும். 1200 க்குப் பதிலாக அங்கே 5200 ஆல் வகுக்கவேண்டும். பிந்திக் கட்டினால் வரும் தண்டப்பணமும் இதில் அடங்காது.

அனுப்பும்போது உடையாமல் அனுப்ப

வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ சூத்திரமொன்றை அனுப்புவதென்றால், எழுத்தாக அனுப்புவதோடு அந்தப் பக்கத்தைப் படமெடுத்தும் அனுப்புங்கள். படத்தில் மேல் மேலாகவும் கீழ் கீழாகவும் இருக்கும். எழுத்தாக அனுப்பும்போது சுட்டிக்கு முன் ^ குறியை இடுங்கள். சுட்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்து இருந்தால் அதை அடைப்புக்குள் வையுங்கள். பின்னத்தின் மேல்பகுதி முழுவதற்கும் ஓர் அடைப்பு, கீழ்பகுதி முழுவதற்கும் ஓர் அடைப்பு, நடுவில் சரிவுக்கோடு. அடைப்புக்குறிகள் எழுத்துகள் என்பதால் எங்கே ஒட்டினாலும் தொலையாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, சூத்திரத்தின் கீழே ஒரு உதாரணத்தையும் விடையையும் எழுதிவிடுங்கள்: "100,000 ரூபா, ஆண்டுக்கு 24 சதவீதம், 12 மாதம், தவணை 9,455.96." இந்த ஒரு வரி இருந்தால், சூத்திரம் எவ்வளவு உடைந்து போனாலும் பெறுகிறவர் தனது வாசிப்பைப் போட்டுப் பார்த்துச் சரிபார்க்கலாம். அந்த நிறுவனத்தின் கோவையில் அப்படியொரு உதாரணம் இருந்திருந்தால் உயர்தர மாணவி தானாகவே சரியான வாசிப்பைக் கண்டுபிடித்திருப்பாள்.

கணினியோ கைத்தொலைபேசியில் எக்செலோ உள்ளவர்கள் சூத்திரம் இல்லாமலே தவணையைக் காணலாம். ஒரு கட்டத்தில் இதைத் தட்டினால் போதும்:

```
=PMT(24/1200,12,-100000)
```

விடை 9,455.96 என்று வரும். 24 இருக்கும் இடத்தில் உங்கள் ஆண்டு வட்டியையும், 12 இருக்கும் இடத்தில் மாதங்களையும், கடைசியில் கடன்தொகையையும் மாற்றுங்கள். கடன்தொகைக்கு முன்னாலுள்ள கழித்தல் குறியை அப்படியே விட்டுவிடுங்கள். அதை எடுத்துவிட்டால் விடை கழித்தல் குறியோடு வரும். பிறகு கிடைத்த தொகையைத் தாளிலுள்ள தவணையோடு ஒப்பிடுங்கள். சில ரூபா வித்தியாசம் மட்டம் தட்டுவதால் வரலாம். நூற்றுக்கணக்கில் வித்தியாசம் இருந்தால் கையொப்பமிட முன்னர் தவணை அட்டவணையைக் கேட்டு, வட்டி நிரல் மாதாமாதம் குறைகிறதா என்று பாருங்கள்.